கொடுக்காத மாத்திரைக்குக் கணக்கு இல்லை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் பல ஆண்டுகள் நின்றவன் நான். “ஸ்டாக் இல்லை” என்று சொன்னதும் வெளியே நிற்பவர் முகத்தில் இரண்டு சந்தேகங்களைப் பார்க்கலாம். யாரோ விற்றுவிட்டார்கள் என்பது ஒன்று. அரசாங்கத்திடம் பணம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் எங்கேயும் நடக்காது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் நான் கிட்டத்தில் இருந்து பார்த்த பற்றாக்குறைகள் பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை. எல்லோரும் விதிப்படி போட்டு, விடை மட்டும் தவறாக வருகிற கணக்கு அது.

ஒரே ஒரு மாத்திரையை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதப்படும் மாத்திரை. பெரும்பாலானவர்களுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலை மலிவு. குளிர்பதனம் தேவையில்லை, எளிதில் கெடாது. இப்படி ஒரு மாத்திரையே தீர்ந்துபோகிறது என்றால், சிக்கலான மருந்துகளின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்த மாத்திரையை மருத்துவமனை நேரடியாக வாங்குவதில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து வாங்குகிறது. அதற்கு முன்பு இயக்ககங்கள் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தன. ஒரே மருந்துக்கு இடத்துக்கு ஒரு விலை, இடத்துக்கு ஒரு தரம். எல்லாத் தேவையையும் ஒன்றாகக் கூட்டி, பெரிய எண்ணிக்கையைக் காட்டி விலையைக் குறைப்பது, மருந்தை மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுப்பது, ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு தொகுதி மருந்தையும் ஆய்வகத்தில் சோதிப்பது என்று மூன்று காரியங்களைக் கழகம் சேர்த்துச் செய்தது. பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன. நான் சொல்லப்போகும் குறைகள் இந்த ஏற்பாடு மோசம் என்பதற்காக அல்ல. நல்ல ஏற்பாட்டுக்குள்ளும் எந்த இடத்தில் மாத்திரை கசிகிறது என்று காட்டத்தான்.

டெண்டர் என்றவுடன் மூடிய உறையும் பேரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நடைமுறையில் அது ஒரு நீண்ட வரிசை. முதலில் தேவை மதிப்பிடப்படும். ஒவ்வொரு நிலையமும் கேட்கும் அளவு, சென்ற ஆண்டு கிடங்கிலிருந்து வெளியேறிய அளவு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைப் பார்த்து மாநிலத்துக்கு ஓர் எண் எழுதப்படும். பிறகு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. 1998-இல் வந்த ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கிறபடி, பெரிய மதிப்புள்ள கொள்முதலுக்கு விண்ணப்பிக்க 30 நாள் அவகாசமாவது தர வேண்டும். விண்ணப்பம் இரண்டு பகுதிகளாக வரும். தகுதிப் பகுதியில் உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, ஆண்டு விற்றுமுதல், அந்த மருந்தைச் சந்தையில் விற்ற அனுபவம் ஆகியவை இருக்கும். தயாரிப்பாளரிடமே வாங்குவதுதான் வழக்கம் என்பதால் இடைத்தரகருக்கு இங்கே இடமில்லை. தகுதிப் பகுதியில் தேறியவர்களின் விலைப் பகுதியை மட்டும் திறப்பார்கள். மிகக் குறைந்த விலை சொன்னவரோடு மட்டும் இன்னும் குறைக்க முடியுமா என்று பேசலாம். மற்றவர்களோடு பேரம் பேசச் சட்டம் இடம் தரவில்லை. எண்ணிக்கை பெரிது என்றால், அதே குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் அடுத்த நிறுவனங்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கப்படும். ஒரே ஆலையை நம்பி மாநிலமே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

விலை முடிவானதோடு மாத்திரை வந்துவிடாது. ஒப்பந்தம் எழுத வேண்டும், காப்புத்தொகை கட்ட வேண்டும், கொள்முதல் ஆணை போக வேண்டும். எந்த மாவட்டக் கிடங்குக்கு எத்தனை என்று அந்த ஆணை பிரித்துச் சொல்லும். நிறுவனம் அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் அச்சிட்ட தனி அட்டையில் மாத்திரையை அடைத்துத் தர வேண்டும். எனவே அதன் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை எடுத்து அனுப்பிவிட முடியாது. மூலப்பொருள் வாங்கி, தயாரித்து, அடைத்து அனுப்ப ஓரிரு மாதங்கள் ஆகும்.

வந்த பெட்டி உடனே வெளியே போவதும் இல்லை. இதை ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் அறிய வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் போட்டு, ஒப்பந்த ஆய்வகத்துக்குக் கொடுப்பார்கள். “தேறியது” என்ற முடிவு வரும்வரை பெட்டிகள் கிடங்கில் தனியாக, தொடக் கூடாத சரக்காக அடுக்கப்பட்டிருக்கும். மாத்திரைக்கு இது ஓரளவு சீக்கிரம் முடியும். ஊசி மருந்தாக இருந்தால், கிருமி இல்லை என்று உறுதி செய்யும் சோதனைக்கே 14 நாள் வளர்ப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைக் கெஞ்சியும் குறைக்க முடியாது, மிரட்டியும் குறைக்க முடியாது. “கிடங்கு நிறையப் பெட்டி இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்” என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் சோதிக்காமல் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியாது.

இந்த வரிசையை எல்லாம் கூட்டினால், புதிதாக டெண்டர் விட்டு ஒரு மாத்திரை நிலையத்துக்கு வந்து சேர அரையாண்டு ஓடிவிடுவது சாதாரணம். விலை ஒப்பந்தம் நடப்பில் இருந்து, மறு ஆணை மட்டும் போட்டாலும் இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்கத்தான் கிடங்கில் சில மாதத் தேவைக்கான இருப்பை வைக்கிறார்கள். அந்தச் “சில மாதத் தேவை” எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், ஒரு மாதத் தேவை எவ்வளவு என்று தெரிய வேண்டும். சிக்கல் இங்கேதான்.

ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சர்க்கரை நோய்க்குப் பதிவு செய்து வாங்குபவர்கள் 300 பேர். நாளுக்கு 2 மாத்திரை, மாதத்துக்கு 60. ஆக மாதம் 18,000; ஆண்டுக்கு 2,16,000. சென்ற ஆண்டு இரண்டு மாதங்கள் வரத்து இல்லை. அந்த இரண்டு மாதங்களில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்டு முடிவில் வழங்கல் பதிவேட்டைக் கூட்டினால் 1,80,000 என்று வரும். அந்த எண்ணில் பொய் இல்லை. நிலையம் கொடுத்தது அவ்வளவுதான்.

இப்போது அடுத்த ஆண்டுத் தேவையை எழுத வேண்டும். சென்ற ஆண்டுச் செலவோடு ஒரு 10 சதவீதம் கூட்டுவது பழக்கம். 1,98,000. பார்ப்பவருக்குத் தாராளமாகக் கூட்டிக் கொடுத்ததாகத் தோன்றும். உண்மையான தேவையைவிட 18,000 குறைவு, அதாவது ஒரு முழு மாதம். சென்ற ஆண்டின் பற்றாக்குறை, இந்த ஆண்டின் தேவைப் பட்டியலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஆண்டும் ஒரு மாதம் இல்லாமல் போகும். அதுவும் பதிவேட்டில் “செலவு குறைந்தது” என்றே ஏறும்.

நான் இந்தத் தொழிலில் புரிந்துகொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான் என்று சொல்லலாம். கொடுத்த மாத்திரைக்குப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. கேட்டு வந்து வெறுங்கையோடு போனவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வழங்கலைத் தேவை என்று எடுத்துக்கொள்ளும் எந்தக் கணினியும் இதே தவறைச் செய்யும், கையால் எழுதியதைவிட வேகமாகச் செய்யும்.

இதைவிட நுணுக்கமாக மறையும் பற்றாக்குறை ஒன்று உண்டு. இருப்பு குறையத் தொடங்கியதும் அனுபவமுள்ள மருந்தாளுநர் 30 நாள் மாத்திரையை 15 நாளாக்கிவிடுவார். எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம். பக்கத்தில் இருப்பவர் 15 நாள் கழித்து மீண்டும் வருவார். தொலைவில் இருந்து கூலி வேலையை விட்டு வருபவர் வரமாட்டார். கடையில் வாங்குவார் அல்லது விட்டுவிடுவார். மாத இறுதியில் இருப்பு பூஜ்யத்தைத் தொடவே இல்லை. அறிக்கையில் “தட்டுப்பாடு: இல்லை.” செலவோ பாதியாகக் குறைந்திருக்கும். பூஜ்யத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணுக்கு இது ஒருபோதும் அகப்படாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் கொடுத்த மாத்திரையை வகுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாகத் தலைக்கு 60 வரும் இடத்தில் 35 என்று விழுந்தால், நிலையத்தில் ரேஷன் நடக்கிறது என்று பொருள்.

மேலே சொன்ன கணக்கைத் திருத்துவதும் கடினமல்ல. 1,80,000 மாத்திரையை 12 மாதத்தால் வகுக்காமல், கையில் மருந்து இருந்த 10 மாதத்தால் வகுத்தால் 18,000 வரும். அதை 12 ஆல் பெருக்கினால் 2,16,000. அவ்வளவுதான். இதற்கு நிலையம் கூடுதலாகத் தெரிவிக்க வேண்டியது எத்தனை நாள் மருந்து இல்லாமல் இருந்தது என்ற ஒரே ஒரு விவரம். அந்த விவரத்தை எழுதத் தயங்குவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை?” என்ற விளக்கக் கடிதம் யாருக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எதிர்த்திசையிலும் ஒரு தந்திரம் உண்டு. எப்படியும் வெட்டுவார்கள் என்று நினைத்து ஒன்றரை மடங்கு கேட்கும் நிலையங்கள் இருக்கின்றன. மேலே இருப்பவர்களும் இதை அறிந்து எல்லோருடைய பட்டியலிலும் ஒரே சதவீதம் குறைப்பார்கள். மிகைப்படுத்திக் கேட்டவருக்குத் தேவையான அளவு கிடைக்கும். உள்ளபடி கேட்டவர் மார்கழியில் ஜன்னலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கின் மேல் 2021-இல் ஒரு புதிய பாரம் வந்து ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிற திட்டம். நல்ல திட்டம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இப்படி ஒரு திட்டம் மருந்துக் கணக்கில் என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி. தேடிப் போனால் நோயாளிகள் கிடைப்பார்கள். இதுவரை தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர், தெரிந்தும் பஸ் ஏறி வர முடியாமல் விட்டவர், கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர் எல்லோரும் பட்டியலில் சேர்வார்கள்.

நம் நிலையத்தில் 300 பேர் 390 பேர் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தேவை 23,400. ஆண்டுக்கு 2,80,800. கையில் இருப்பதோ மேலே எழுதிய 1,98,000. ஏப்ரலில் தொடங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தால் நவம்பர் முடிவதற்குள் 1,87,200 போய்விடும். மீதி 10,800. நாளுக்கு 780 செலவாகும்போது அது இரண்டு வாரம்கூட முழுதாக வராது. டிசம்பர் நடுவில் ஜன்னல் காலி. ஏப்ரலிலேயே இந்தத் தேதியைக் காகிதத்தில் எழுதிவிடலாம் என்பதுதான் வேதனை. நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் எண்ணிக்கை ஓர் அறிக்கையில் போகிறது. மருந்துத் தேவை வேறொரு அறிக்கையில் போகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நாள் வராவிட்டால் டிசம்பர் நடுப்பகுதி வந்தே தீரும்.

விடுபட்ட 82,800 மாத்திரைக்கு என்ன செலவாகும்? டெண்டர் விலை ஒரு மாத்திரைக்கு 25 காசு என்று கணக்குக்காக வைத்தால் 20,700 ரூபாய். அதே மாத்திரையை நோயாளிகள் கடையில் ஒன்று 2 ரூபாய்க்கு வாங்கினால் அவர்கள் கையிலிருந்து போவது 1,65,600 ரூபாய். மொத்தமாக வாங்கி மிச்சம் பிடித்த அரசாங்கம், எண்ணிக்கையைத் தவறவிட்டால் அந்த மிச்சத்தைப்போல் பல மடங்கை ஏழைகளின் கையிலிருந்து எடுக்கிறது.

சரி, நிலையமே அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளக் கூடாதா? வாங்கலாம். மருந்து நிதியில் சுமார் 90 சதவீதம் கழகத்தின் வழியே செலவாகும். மீதி 10 சதவீதம் உள்ளூர்க் கொள்முதலுக்கு. பட்டியலில் இல்லாத மருந்து, திடீர்த் தேவை ஆகியவற்றுக்காக ஒதுக்கிய பணம் அது. சில்லறை அளவில் வாங்குவதால் விலை பல மடங்கு கூடும். விலைப்புள்ளி வாங்க வேண்டும், பில் தணிக்கைக்கு நிற்க வேண்டும். “கிடங்கில் இல்லை” என்ற சான்றும் கேட்பார்கள். சில நூறு மாத்திரைக்கு இது உதவும். மாதம் இருபத்து மூன்றாயிரம் மாத்திரைக்கு உதவாது.

நிலையம் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுப்பது பாஸ்புத்தகத்தின் மேல். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்ற வரம்பு அதில் இருக்கும். எடுக்க எடுக்க அந்தத் தொகை குறையும். ரூபாயில் வரம்பு வைத்தது புத்திசாலித்தனமான யோசனை: எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று நிலையமே தீர்மானிக்கலாம், தலைமை அலுவலகம் தலையில் கட்டாது. ஆனால் வரம்பு பழைய நோயாளி எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்டிருந்தால், ஆண்டின் கடைசி மாதங்களில் கிடங்கில் மருந்து இருந்தும் புத்தகத்தில் பணம் இருக்காது. கூடுதல் ஒதுக்கீடு கேட்டுக் கோப்பு நகர வேண்டும். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருக்கும் நிலையத்தில் அந்தக் கோப்பை எழுதக்கூட ஆள் இருக்காது. செவிலியர் ஊசியும் போட்டு, மாத்திரையும் கொடுத்து, பதிவை மாலையில் நினைவிலிருந்து எழுதுவார். கணினியில் வேறொரு குழப்பம்: கிடங்கிலிருந்து வெளியேறியது எல்லாம் “செலவானது” என்று காட்டப்பட்டால், நிலையத்தின் அலமாரியில் உண்மையில் என்ன மிச்சம் என்பது மேலே யாருக்கும் தெரியாது.

எனவே ஒரு நிலையத்தில் மருந்து இல்லை என்றால் டெண்டரைத் திட்டுவதற்கு முன் எந்தப் படியில் நின்றுபோயிற்று என்று பார்க்க வேண்டும். மாவட்டக் கிடங்கில், கொடுக்கத்தக்க நிலையில் சரக்கு இருக்கிறதா? இருந்தால் கோளாறு கிடங்குக்கும் நிலையத்துக்கும் நடுவில்: பாஸ்புத்தக வரம்பு, வண்டி, ஆள். சரக்கு இருக்கிறது ஆனால் ஆய்வு முடிவு வரவில்லை என்றால், ஆணை தாமதமாகப் போயிருக்கிறது; சோதனைக்கு ஆகும் நாட்களை யாரோ கணக்கில் சேர்க்கவில்லை. இந்த மாவட்டத்தில் இல்லை, அடுத்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்றால் பகிர்வில் தவறு. ஒரு லாரியில் தீர்ந்துவிடும். எந்தக் கிடங்கிலுமே இல்லை என்றால்தான் டெண்டரைப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் சில வகைகள் உண்டு. மெட்ஃபார்மின் போன்ற பெரிய எண்ணிக்கை மருந்துக்குப் போட்டி அதிகம், விலை மேலும் மேலும் கீழே போகும். அந்த விலை ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாது. மூலப்பொருள் விலையோ மாறும். இந்தியா பல மூலப்பொருள்களுக்குச் சீனாவை நம்பியிருக்கிறது. அங்கே ஓர் ஆலை நின்றால், இங்கே ஒரு காசு லாபத்தில் ஒத்துக்கொண்ட நிறுவனம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நட்டத்தில் நிற்கும். அப்போது அது ஒப்பந்தத்தை முறிக்காது, இழுத்தடிக்கும். ஆணையில் பாதியை அனுப்பும், அபராதம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும். அபராதம் சிறியதாக இருந்தால் அதைக் கட்டிவிடும். கருப்புப் பட்டியலில் வைக்கலாம்தான். எல்லோரையும் வைத்தால் அடுத்த டெண்டருக்கு யார் வருவார்கள்?

சிறிய எண்ணிக்கை மருந்துகளின் நிலை வேறு. அவற்றுக்கு விண்ணப்பமே வராமல் போகலாம். பழைய, மலிவான, விலைக் கட்டுப்பாட்டில் உள்ள ஊசி மருந்துகள் இதில் முதல் வரிசை. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்தியது. அட்ரோபின், பென்சைல் பென்சிலின், சால்பியூட்டமால், லித்தியம் எல்லாம் அதில் இருந்தன. அந்த விலையில் தயாரிப்பது கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் கைவிடத் தொடங்கியதுதான் காரணம். பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்ற அட்ரோபின் வேண்டும். மலிவு என்பது ஒரு அளவுக்குக் கீழே போனால் மருந்தே இருக்காது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஆணை என்று நான் அதைப் பார்க்கிறேன். மிகக் குறைந்த விலையை மட்டும் வெற்றியாக எண்ணும் பழக்கம் நம் கொள்முதல் அலுவலகங்களில் ஆழமாக இருக்கிறது. தணிக்கையும் அதையே கேட்கிறது. அதிக விலைக்கு வாங்கினால் தணிக்கைக் குறிப்பு எழுதுவார்கள். வாங்காமல் விட்டதற்குக் குறிப்பு எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை.

பணம் தாமதமாகக் கொடுப்பதும் இதே கணக்கில் சேரும். ஆறு மாதம் பாக்கி வைக்கும் மாநிலத்துக்கு விலை சொல்லும் நிறுவனம், அந்த ஆறு மாத வட்டியையும் சேர்த்துத்தான் விலை சொல்லும். அல்லது விலையே சொல்லாது.

தேவையைக் கணக்கிடுவது பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் மெட்ஃபார்மின் போன்று தினமும் ஒரே அளவில் செலவாகும் மருந்துக்குச் சரி. எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்தக் கூடாது. பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு ஒரு நிலையத்துக்கு இரண்டு பேர் வந்திருக்கலாம், இந்த ஆண்டு மழை முடிந்த ஒரே வாரத்தில் நால்வர் வரலாம். சராசரி எடுத்து வாங்கினால் அலமாரியில் 3 குப்பி நிற்கும். விஷம் ஏறிய ஒருவருக்குத் தொடக்கமே 8 முதல் 10 குப்பி. 3 குப்பி இருக்கும் நிலையம் இருப்பு அறிக்கையில் “உள்ளது” என்றுதான் எழுதும், எழுதுவதும் உண்மைதான், ஆனால் அந்த மூன்றால் யாருக்கும் சிகிச்சையை முறையாகத் தொடங்க முடியாது. இப்படிப்பட்ட மருந்துக்குச் செலவுக் கணக்கு பார்க்காமல், ஒருவருக்கு முழுதாகக் கொடுக்கும் அளவைக் குறைந்தபட்ச இருப்பாக வைத்து, அதற்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். காலாவதி நெருங்கினால் அதிகம் செலவாகும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிக்கொடுத்துவிட்டுப் புதிய குப்பி வாங்கிக்கொள்ளலாம். அந்த மாற்றுக்கு இரண்டு மருத்துவ அலுவலர்களின் கையெழுத்தும் ஒரு வண்டியும் போதும்.